தவணையில் ஒளிந்திருக்கும் வட்டி: கேள்வித்தாளில் அதைக் கண்டுபிடிப்பது எப்படி

கடன் தொகை தெரியும், தவணை தெரியும், எத்தனை தவணை என்பதும் தெரியும். வட்டி வீதம் மட்டும் தெரியாது. ஆக்சுவரியல், சி.ஏ., எம்.காம் என்று நிதிக் கணிதம் உள்ள எந்தத் தேர்வாக இருந்தாலும் இந்த மாதிரிக் கேள்வி வரக்கூடும். முதல் முறை பார்ப்பவர்கள் சூத்திரத்தை இப்படியும் அப்படியும் திருப்பி i-ஐத் தனியாகப் பிரிக்கப் பார்த்து, பத்து நிமிடத்தைத் தொலைக்கிறார்கள். 36 தவணை என்றால் அது 36-ஆம் படிச் சமன்பாடு. நான்காம் படிக்கு மேல் போனால் பொதுவான இயற்கணிதத் தீர்வு கிடையாது என்று ஏபெல் 1824-லேயே நிரூபித்துவிட்டார். அதனால் i-ஐப் பிரிக்க முயலவே வேண்டாம். ஒரு வீதத்தை ஊகித்துப் போட்டுப் பார்க்க வேண்டும், அப்புறம் இன்னொன்றைப் போட வேண்டும், கடைசியில் இரண்டுக்கும் நடுவே இடைச்செருகல் செய்ய வேண்டும். இதற்கான வழி அவ்வளவுதான்.

ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு முழுதாகப் போவோம். நம் ஊர் வண்டிக் கடன் கணக்குதான்.

*ரூ. 90,000 இருசக்கர வாகனக் கடன். ஃபிளாட் வட்டி ஆண்டுக்கு 12%. மூன்று ஆண்டுகள், சமமான மாதத் தவணைகள், ஒவ்வொரு மாத முடிவிலும் கட்ட வேண்டும். கடனின் உண்மையான ஆண்டு வட்டி வீதத்தை 0.1% வரை திருத்தமாகக் காண்க.*

முதலில் தவணை

ஃபிளாட் வட்டி என்றால், அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முதல் நாள் கடன் மீதே மூன்று ஆண்டுக்கும் வட்டி போடுவது. 90,000-க்கு 12% வீதம் மூன்று ஆண்டுக்கு 32,400 வட்டி. மொத்தம் கட்ட வேண்டியது 1,22,400. அதை 36-ஆல் வகுத்தால் மாதம் ரூ. 3,400.

ஃபிளாட் வட்டிக்கு இதற்கு மேல் வேலை இல்லை. இனி அந்த 12% எங்கேயும் வரக்கூடாது. தவணை தெரிந்த பிறகும் சிலர் 12%-ஐ மாதம் 1% ஆக்கிச் சமன்பாட்டில் போடுகிறார்கள். கண்டுபிடிக்க வேண்டியதையே கொடுக்கப்பட்டதாக எடுத்துக்கொண்டால் கணக்கு எங்கே போகும்?

சமன்பாட்டைச் சுருக்குவது

கடன் கொடுத்த நாளில் நின்று பார்த்தால், கையில் வாங்கிய பணமும் கட்டப்போகும் தவணைகளின் இன்றைய மதிப்பும் சமமாக இருக்க வேண்டும். பள்ளிப் பாடநூல் 'தவணைப் பங்கீட்டுத் தொகை' என்று சொல்வதும், கல்லூரியில் ஆன்யுட்டி என்று சொல்வதும் இந்தத் தவணை வரிசையைத்தான். மாத வட்டி i என்றால்:

```
90000 = 3400 × a(36)
a(36) = (1 − v^36) / i ,   v = 1/(1+i)
a(36) = 90000 / 3400 = 26.4706
```

ரூபாய்க் கணக்கை இதோடு விட்டுவிடுங்கள். மாதம் ஒரு ரூபாய் வீதம் 36 மாதம் கட்டினால் இன்றைய மதிப்பு 26.4706 வர வேண்டும், அதற்கு i எவ்வளவு? கேள்வி இப்போது இவ்வளவு சிறியதாகிவிட்டது. ஒவ்வொரு ஊகத்துக்கும் 3,400-ஆல் பெருக்கிக்கொண்டே போனால் பிழை வர இடம் கூடுகிறது, நேரமும் போகிறது.

திசையையும் இந்த இடத்திலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். வட்டி கூடினால் இன்றைய மதிப்பு குறையும். நீங்கள் போட்ட வீதத்துக்கு a(36) 26.4706-ஐ விடப் பெரிதாக வந்தால் வீதம் போதவில்லை என்று பொருள். சிறிதாக வந்தால் வீதம் கூடிவிட்டது.

முதல் ஊகத்தைக் காற்றில் இருந்து பிடிக்க வேண்டாம்

ஊகித்துப் பார்க்கும் முறை என்றதும் 5% போடு, 10% போடு என்று ஆரம்பித்தால் ஆறு முறை போட வேண்டி வரும். தேர்வில் அதற்கு நேரம் இல்லை. விடை எந்த இரண்டு எண்களுக்குள் இருக்கிறது என்பதை முன்கூட்டியே கண்டுகொள்ள வழி இருக்கிறது.

மேல் எல்லை ஃபிளாட் வீதத்திலிருந்தே கிடைக்கும். கடன் 90,000-ல் தொடங்கிப் பூஜ்யத்தில் முடிகிறது. ஒரே சீராக இறங்கினால் சராசரியாகப் பாதிக் கடன்தான் கையில் இருந்திருக்கும். பாதிக் கடனுக்கு முழு வட்டி கட்டியதால் வீதம் இரட்டிப்பு, அதாவது ஆண்டுக்கு 24%, மாதத்துக்கு 2%. ஆனால் உண்மையில் கடன் சீராக இறங்குவதில்லை. ஆரம்பத் தவணைகளில் வட்டியின் பங்கு அதிகம் என்பதால் அசல் மெதுவாகத்தான் கரைகிறது. நாம் நினைத்ததை விட அதிகக் கடன் அதிக நாள் கையில் இருந்திருக்கிறது. அதனால் மாத வீதம் எப்போதும் 2%-க்குக் கீழேதான் இருக்கும்.

கீழ் எல்லைக்கு இன்னொரு யோசனை. 36 தவணைகளையும் தனித்தனியாகக் கட்டாமல், முதல் தவணைக்கும் கடைசித் தவணைக்கும் நட்டநடுவான நாளில், அதாவது 18.5 மாதத்தில், மொத்தமாக 1,22,400 கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 90,000 அங்கே 1,22,400 ஆகிறது. 1.36 மடங்கு.

```
(1+i)^18.5 = 1.36
i = 1.36^(1/18.5) − 1 = 0.0168 (சுமார்)
```

மாதம் 1.68%. இது எப்போதும் உண்மை விடைக்குக் கொஞ்சம் கீழேதான் விழும். முன்கூட்டிக் கட்டும் தவணைகளால் இன்றைய மதிப்பில் கூடுவது, பின்னால் கட்டும் தவணைகளால் குறைவதை விட அதிகம். அதனால் பிரித்துக் கட்டும்போது இன்றைய மதிப்பு சற்றுப் பெரிதாகவே இருக்கும், அதை 90,000-க்கு இறக்க வட்டி இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும்.

ஆக விடை 1.68-க்கும் 2-க்கும் நடுவே. நடு நாள் ஊகம் பொதுவாக நெருங்கியே விழும் என்பதால், அதற்கு அடுத்து மேலே உள்ள இரண்டு வசதியான எண்களை எடுப்பேன்: 1.7%, 1.8%.

இரண்டு முறை போட்டுப் பார்ப்பது

v^36 கணக்கிட ஒரு குறுக்கு வழி சொல்கிறேன். முதலில் (1+i)^12 கண்டுபிடித்து, அதை மூன்றாம் படிக்கு உயர்த்தி, தலைகீழாக்குங்கள். கடைசியில் மாத வீதத்தை ஆண்டு வீதமாக மாற்றும்போது இந்த 12-ஆம் படியைச் சரிபார்க்கவும் பயன்படுத்தலாம்.

```
i = 0.017:  1.017^12 = 1.22420
            1.017^36 = 1.83465 ,  v^36 = 0.54506
            a(36) = (1 − 0.54506)/0.017 = 26.761

i = 0.018:  1.018^12 = 1.23872
            1.018^36 = 1.90073 ,  v^36 = 0.52611
            a(36) = (1 − 0.52611)/0.018 = 26.327
```

நமக்கு வேண்டிய 26.471 இரண்டுக்கும் நடுவே விழுகிறது. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. இப்படி விழாவிட்டால் இடைச்செருகலுக்குப் போகக்கூடாது. இரண்டுமே பெரிதாக வந்தால் இன்னும் உயர்ந்த வீதம் ஒன்றைப் போடுங்கள்.

சாதாரண மேசைக் கால்குலேட்டர் மட்டுமே அனுமதிக்கும் தேர்வுகளுக்கு ஒரு வார்த்தை. பல கால்குலேட்டர்களில் 1 ÷ 1.017 அழுத்தி = பொத்தானை 36 முறை தட்டினால் v^36 வரும், அப்புறம் GT தட்டினால் a(36)-ஏ நேராக வந்துவிடும். எல்லா மாடலும் ஒரே மாதிரி வேலை செய்யாது. உங்களுடையதில் 1 ÷ 2 போட்டு = மூன்று முறை தட்டிப் பாருங்கள். 0.125 வந்து, GT-யில் 0.875 வந்தால் நம்பலாம். 36 முறை தட்டும்போது எண்ணிக்கை தவறுவதுதான் ஆபத்து. அதனால் நான் 12-ஆம் படி வழியையே விரும்புகிறேன்.

இடைச்செருகல்

1.7%-லிருந்து 1.8%-க்குப் போகும்போது a(36) 26.761-லிருந்து 26.327-க்கு இறங்குகிறது. மொத்த இறக்கம் 0.434. நமக்கு வேண்டிய இடத்துக்கு இறங்க வேண்டியது 26.761-லிருந்து 26.471 வரை, அதாவது 0.290. மொத்தத் தூரத்தில் எத்தனை பங்கு இறங்கினோமோ, வீதத்திலும் அத்தனை பங்கு ஏறுகிறோம்:

```
i = 1.7% + 0.1% × (26.761 − 26.471)/(26.761 − 26.327)
  = 1.7% + 0.1% × 0.290/0.434
  = 1.767%
```

சூத்திரத்தை மனப்பாடம் செய்வதை விட 'மொத்த இறக்கம், நம் இறக்கம்' என்று சொல்லிக்கொண்டே எழுதினால் கூட்டல், கழித்தல் குறி மாறாது. பின்னம் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே வர வேண்டும். அப்படி வரவில்லையென்றால் எங்கேயோ எண் இடம் மாறியிருக்கிறது.

இது மாத வீதம். கேட்டது ஆண்டு வீதம். 12-ஆல் பெருக்கி 21.2% என்று எழுதினால் அது மாதாமாதம் கூட்டப்படும் பெயரளவு வீதம்தான். வட்டிக்கு வட்டியும் சேர்ந்த உண்மை வீதம் இதோ:

```
1.01767^12 − 1 = 0.2339
```

விடை ஆண்டுக்கு 23.4%. முன்னே கிடைத்த 1.22420, 1.23872 இரண்டுக்கும் நடுவே 1.2339 விழுகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். விழுகிறது, சரி. இன்னும் நம்பிக்கை வேண்டுமானால் 1.767%-ஐத் திரும்பச் சமன்பாட்டில் போடலாம். 3,400 × a(36) சுமார் ரூ. 89,995 வருகிறது. 90,000-க்கு ஐந்து ரூபாய்தான் குறைவு.

இடைவெளி அகலமானால் என்ன ஆகும்

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். வட்டி அட்டவணை கையில் இருக்கும்போது அதில் இருக்கும் வீதங்களையே எடுக்கத்தான் மனம் போகும். 1.5%-ம் 2%-ம் அட்டவணையில் இருந்தால் கணக்கிடவே வேண்டாம், எடுத்து எழுதிவிடலாம்: 27.6607, 25.4888. இடைச்செருகலும் ஒழுங்காகவே போகும்:

```
i = 1.5% + 0.5% × (27.6607 − 26.4706)/(27.6607 − 25.4888)
  = 1.5% + 0.5% × 1.1901/2.1719
  = 1.774%
1.01774^12 − 1 = 0.2349
```

23.5%. முறையில் தவறில்லை, பெருக்கலில் தவறில்லை, ஆனால் 0.1% திருத்தம் கேட்ட கேள்விக்கு விடை தவறு.

காரணம், வட்டியோடு a(36) நேர்கோட்டில் இறங்குவதில்லை. முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் இறங்குகிறது. கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்ந்த மாதிரி ஒரு வளைவு. நாம் இரண்டு முனைகளையும் ஒரு நேர்கோட்டால் இணைக்கிறோம். அந்தக் கோடு வளைவுக்கு மேலேதான் ஓடும். அதனால் இந்த வகைக் கணக்கில் இடைச்செருகல் தரும் வீதம் எப்போதும் உண்மையை விடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். கூடுதல் எவ்வளவு என்பது இடைவெளியின் வர்க்கத்தைப் பொறுத்தது. 0.5% இடைவெளியில் 0.007 பிசகியது. இடைவெளியை ஐந்தில் ஒன்றாகக் குறைத்ததும் பிழை ஏறக்குறைய இருபத்தைந்தில் ஒன்றாகிவிட்டது. மாத வீதத்தில் 0.007 சிறிதாகத் தோன்றும். பன்னிரண்டு மாதம் கூட்டுவட்டியாகும்போது அதுவே 0.1 ஆகி விடையைத் தள்ளிவிடுகிறது.

அதற்காக அட்டவணையை ஒதுக்க வேண்டியதில்லை. முதலில் அட்டவணை வீதங்களை வைத்து 1.774 கண்டுபிடியுங்கள். உண்மை இதற்குக் கொஞ்சம் கீழே என்பது தெரியுமல்லவா? அப்படியானால் 1.75%, 1.8% இரண்டையும் கால்குலேட்டரில் போட்டு இன்னொரு முறை இடைச்செருகல் செய்யுங்கள். கேள்வி 'ஏறத்தாழ' என்று மட்டும் கேட்டு, விடையை முழு சதவீதத்தில் எதிர்பார்த்தால் அந்த இரண்டாம் சுற்றே தேவையில்லை. எவ்வளவு திருத்தம் கேட்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் இடைவெளியை முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு இலக்கத்தில் மாட்டிய கதை

இதே எண்களில் ஒரு கண்ணி இருக்கிறது. பயிற்சி செய்த காலத்தில் நானே மாட்டினேன். 1.7%-க்கு v^36 0.54506. 'இரண்டு இலக்கம் போதும்' என்று 0.55 எழுதினேன். அப்புறம் (1 − 0.55)/0.017 = 26.4706. கொண்டாட்டம்! நமக்கு வேண்டிய எண் நான்கு இலக்கம் வரை அப்படியே பொருந்துகிறது, இடைச்செருகலே வேண்டாம் என்று 1.7% எழுதி, ஆண்டுக்கு 22.4% என்று முடித்தேன். ஒரு முழு சதவீதம் பிசகு.

v^36-ல் வரும் சின்னப் பிழை 0.017-ஆல் வகுபடும்போது கிட்டத்தட்ட 59 மடங்காகிறது. 0.005 தூக்கிப் போட்டது 0.29 ஆகிவிட்டது. நம் இடைச்செருகலில் இறங்க வேண்டிய மொத்தத் தூரமே 0.290 என்பதைக் கவனியுங்கள். வீதம் சிறியதாக இருக்கும் மாதக் கணக்குகளில் இந்தப் பெருக்கம் இன்னும் மோசம். v^36-ஐ ஐந்து இலக்கம் வரையாவது வைத்துக்கொள்ளுங்கள், a(36)-ஐ மூன்று அல்லது நான்கு இலக்கம் வரை. முடிந்தவரை எழுதித் திரும்பத் தட்டாமல் கால்குலேட்டர் நினைவிலேயே விட்டுவிடுவது நல்லது. முதல் ஊகமே அச்சாகப் பொருந்திவிட்டது என்றால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுங்கள்.

முதல் தவணை வண்டி எடுக்கும் அன்றே என்றால்

கேள்வியில் 'ஒவ்வொரு மாத முடிவிலும்' என்பதற்குப் பதில் 'ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும்' என்று ஒரு சொல் மாறும். அவசரத்தில் படிப்பவர் அதைக் கடந்துவிடுவார். முதல் 3,400-ஐ அன்றைக்கே கட்டிவிடுவதால் அதன் இன்றைய மதிப்பு முழு 3,400. மீதி 35 தவணைகள் மாத முடிவில்:

```
90000 = 3400 × (1 + a(35))
a(35) = 26.4706 − 1 = 25.4706
```

பிறகு எல்லாம் பழைய வழிதான். நடு நாள் இப்போது ஒரு மாதம் முன்னால் நகர்ந்து 17.5 ஆகிறது, அதனால் கீழ் எல்லை சுமார் 1.77%-க்கு ஏறுகிறது. 1.8%-க்கு a(35) 25.801, 1.9%-க்கு 25.395. நமக்கு வேண்டியது நடுவே இருக்கிறது.

```
i = 1.8% + 0.1% × (25.801 − 25.471)/(25.801 − 25.395)
  = 1.881%
1.01881^12 − 1 = 0.251
```

ஆண்டுக்கு 25.1%. ஒரு சொல் மாறியதில் 23.4% இங்கே வந்து நிற்கிறது. கையில் வாங்கியது உண்மையில் 86,600-தான் என்று யோசித்தால் ஏன் ஏறியது என்பது புரியும். ஒரு கால வரிசைக் கோடு போட்டு, 0 என்ற இடத்தில் தவணை இருக்கிறதா இல்லையா என்று குறித்த பிறகே சமன்பாடு எழுதுங்கள். ஆவணக் கட்டணம், முன்பணம் என்று ஏதாவது கழித்துக் கொடுத்திருந்தால் அதுவும் அதே 0 என்ற இடத்தில்தான் வரும். இடப்பக்கத் தொகை மட்டும் குறையும், ஊகிப்பதும் இடைச்செருகலும் மாறாது.

விடைத்தாளில் சமன்பாடு, இரண்டு வீதங்களுக்கும் வந்த a மதிப்புகள், இடைச்செருகல் வரி, ஆண்டு வீதமாக மாற்றிய வரி, இந்த நான்கும் தனித்தனி வரியாகத் தெரிய வேண்டும். கால்குலேட்டரில் விடையைக் கண்டுபிடித்து '23.4%' என்று மட்டும் எழுதினால் வழிமுறைக்கான மதிப்பெண் கிடைக்காது.